குட்டிக்குப் பூச்சி மருந்து: காலண்டர் சொல்வதும் மைக்ரோஸ்கோப் சொல்வதும்

(இந்த அத்தியாயத்தின் பேச்சு, வாசிப்பதற்கு வசதியாகச் சற்றே திருத்தித் தரப்படுகிறது.)

போன அத்தியாயத்துல தடுப்பூசி பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஒரே மாதிரி இருந்துச்சு. "டாக்டர், பூச்சி மருந்து கொடுத்தாச்சு, ஆனாலும் குட்டிக்கு மோஷன் லூஸாத்தான் போகுது. இதைவிடப் பவரான மருந்து இருக்கா?"

இன்னைக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். ஏன்னா, அந்த இடத்துல பெரும்பாலும் தேவைப்படுறது பவரான மருந்து இல்ல. ஒண்ணு, சரியான எடைக்குச் சரியான அளவு தேவைப்படும். இல்லன்னா, வேற வகை மருந்து தேவைப்படும். இந்த ரெண்டுல எதுன்னு சொல்றது மலப் பரிசோதனை. ஆனா அந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாத ஒரு காலமும் இருக்கு. முதல்ல அங்கிருந்து ஆரம்பிப்போம்.

ஏன் 2 வாரத்திலேயே ஆரம்பிக்கிறோம்?

நாய்க்குட்டிக்கு 2, 4, 6, 8 வாரங்கள்ல மருந்து, அதுக்கப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை. இதுதான் பொதுவான அட்டவணை. பூனைக்குட்டிக்கு 3 வாரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா 9 வாரம் வரைக்கும், பிறகு மாசா மாசம். கண்ணே சரியாத் திறக்காத குட்டிக்கு மருந்தான்னு நிறையப் பேர் கேப்பாங்க.

காரணம் தாய்கிட்ட இருக்கு. உருண்டைப்புழுவோட இளம் புழுக்கள் தாய் நாயோட தசையில மாசக்கணக்கா, வருஷக்கணக்கா அசையாமப் படுத்துக் கிடக்கும். தாய்க்கு மலத்துல ஒண்ணுமே தெரியாது. சினையோட கடைசி மூணு வாரத்துல அவை விழிச்சுக்கிட்டு, நஞ்சுக்கொடி வழியாக் குட்டியோட உடம்புக்குள்ள போயிடும். அதாவது குட்டி பிறக்கும்போதே புழுவோட பிறக்குது. நீங்க வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் இது நடக்கும். கொக்கிப்புழு பிறக்கும் முன்னாடி போறதில்ல, தாய்ப்பால் வழியாப் போகும்.

பூனையில கதை கொஞ்சம் வேற. பூனையோட உருண்டைப்புழு கருவுக்குள்ள போறதில்ல, பால்லதான் வரும். அதனாலதான் ஒரு வாரம் தள்ளி 3 வாரத்துல ஆரம்பிச்சாப் போதும்.

சரி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏன்? நாம சாதாரணமாக் கொடுக்குற பைரான்டெல் மருந்து குடலுக்குள்ளேயே நின்னு வேலை செய்யும். குடல்ல இருக்குற புழுவோட தசையை முடக்கிடும், பிடி விட்டுப் புழு மலத்தோட வெளிய வந்துடும். சேமியா மாதிரிச் சுருண்டு வர்றதைப் பாத்துப் பதறி போன் பண்ணுவாங்க. பதற வேண்டாம், மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா நுரையீரல்லயும் ஈரல்லயும் இன்னும் பயணம் பண்ணிட்டிருக்கிற இளம் புழுக்களை இந்த மருந்து தொடாது. இன்னைக்குக் குடலைக் காலி பண்ணினா, அடுத்த கூட்டம் சில நாள்ல வந்து உக்காந்துக்கும். அவை வளர்ந்து முட்டை போடுறதுக்குள்ள அடுத்த டோஸ் விழணும். ரெண்டு வார இடைவெளி அதுக்காகத்தான். ஒரு டோஸைத் தள்ளிப் போட்டா வாசல்ல முட்டை விழ ஆரம்பிச்சுடும்.

தாய்க்கும் அதே நாள்ல மருந்து கொடுக்கணும். குட்டியை நக்கிச் சுத்தம் பண்றது தாய்தான். குட்டியோட புழு தாய்க்கும் வந்து, தாய் மறுபடியும் முட்டையைப் பரப்பிட்டிருக்கும்.

இந்த முதல் டோஸுக்கு மலப் பரிசோதனை தேவையில்ல. தேவையில்லன்னு சொல்றதைவிட, அது உங்களை ஏமாத்திடும்னு சொல்லலாம். முட்டை மலத்துல தெரியணும்னா புழு முழுசா வளர்ந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டை போட்டாகணும். பிறக்கும்போதே வந்த உருண்டைப்புழுவுக்குக்கூட அதுக்குச் சுமார் மூணு வாரம் ஆகும். பால்ல வந்த கொக்கிப்புழு ரெண்டு வாரத்துக்கு மேல எடுத்துக்கும். ஆனா அந்தக் கொக்கிப்புழு முட்டை போடுறதுக்கு முன்னாடியே ரத்தம் குடிக்க ஆரம்பிச்சிடும். 10, 12 நாள் குட்டி ஈறு வெளுத்து, உடம்பு சில்லிட்டு, பால் குடிக்கத் தெம்பில்லாமக் கிடக்கும். அப்போ மலத்தைப் பாத்தா முட்டை இருக்காது. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல"ன்னு விட்டா குட்டி போயிடும். ஈறு வெளுத்த குட்டி எந்த வயசா இருந்தாலும், ரிசல்ட் என்னவா இருந்தாலும், அன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போகணும்.

மிதக்க வச்சுப் பாக்குறது எப்படி?

அப்போ மலப் பரிசோதனை எப்போ உதவும்? அட்டவணைப்படி கொடுத்தும் குட்டி தேறலைன்னா. அல்லது மருந்து வேலை செஞ்சுதான்னு உறுதி பண்ணணும்னா.

முறை ரொம்ப எளிமையானது. கிணத்துல நீந்துறதைவிடக் கடல்ல மிதக்குறது சுலபம் இல்லையா, அதே விஷயம்தான். புழு முட்டை சாதாரணத் தண்ணியைவிடக் கொஞ்சம் கனம், அதனால தண்ணியில அடியில போய் உக்காந்துடும். தண்ணியில உப்பையோ சர்க்கரையையோ நிறையக் கரைச்சுக் கனமாக்கிட்டா, முட்டை மேல வரும், மலத்தோட சக்கை கீழ தங்கும். ஒரு லிட்டர் தண்ணிக்குச் சுமார் 400 கிராம் உப்பு கரைச்சா அடர்த்தி 1.20 கிட்ட வரும். சர்க்கரைக் கரைசல்னா 1.27 வரைக்கும் போகலாம். கொக்கிப்புழு முட்டையோட அடர்த்தி சுமார் 1.06, உருண்டைப்புழு 1.09. ரெண்டும் உப்புத் தண்ணியிலேயே சுலபமா மேல வந்துடும்.

ஒரு டீஸ்பூன் அளவு மலத்தைக் கரைசல்ல கலக்கி, வடிகட்டி, குழாய்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி, மேல கவர் ஸ்லிப் வச்சு 10, 15 நிமிஷம் விட்டுட்டு, அதை எடுத்து ஸ்லைடுல வச்சுப் பாக்கணும். சென்ட்ரிஃபியூஜ்ல 5 நிமிஷம் சுத்திட்டுப் பாத்தா, கொஞ்சமா இருக்குற முட்டைகூடத் தப்பாது. மலத்தைத் தண்ணியில கலக்கி ஒரு சொட்டு வச்சு நேரடியாப் பாக்குறதும் உண்டு. அதுல எடுக்குற மலம் அவ்வளவு கொஞ்சம்ங்கறதால நிறையத் தவறிடும். அதனால ரிப்போர்ட்ல "ஒன்றும் இல்லை"ன்னு இருந்தா, எந்த முறையில பாத்தாங்கன்னு கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல.

உங்க பக்கம் இருந்து வேண்டியது ரெண்டு. மலம் புதுசா இருக்கணும். உடனே கொண்டு வர முடியலைன்னா, மூடின டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. நம்ம ஊர் வெயில்ல கொக்கிப்புழு முட்டை ஒரே நாள்ல பொரிச்சிடும், அப்புறம் ஸ்லைடுல முட்டைக்குப் பதிலா இளம் புழு நெளியும். ரெண்டாவது, மண்ணோட சேத்துச் சுரண்டி எடுக்காதீங்க. மண்ணுல சும்மா வாழுற புழுக்களும் அதுல வந்துடும், பாக்குறவங்களுக்குக் குழப்பம்.

ஒரு குட்டியோட கதை

இப்போ ஒரு கேஸ் சொல்றேன். நாட்டு நாய்க்குட்டி, 7 வாரம். தெருவுல குட்டி போட்ட தாயையும் சேத்து ஒரு அக்கா வீட்டு வராண்டாவுல வச்சுப் பாத்துக்கிட்டாங்க. குட்டிக்கு நாலு நாளா மோஷன் லூஸு, சளி மாதிரி, நடுவுல ரத்தக் கோடு. 4 வாரத்துல ஒண்ணு, 6 வாரத்துல ஒண்ணுன்னு ரெண்டு டோஸ் சிரப் கொடுத்திருக்காங்க. அட்டையில தேதி போட்டு அழகா எழுதி வச்சிருந்தாங்க. "டாக்டர், சிரப் கேக்கல போல. மாத்திரை எழுதிக் கொடுங்க, பவரா."

ரத்தம் கலந்து வந்ததால முதல்ல பார்வோ டெஸ்ட் எடுத்தேன். தடுப்பூசி போடாத 7 வாரக் குட்டிக்கு ரத்தம்னா அதை முதல்ல தள்ளி வைக்கணும். நெகட்டிவ். குட்டி சுறுசுறுப்பா இருந்துச்சு, ஈறு கொஞ்சம் வெளிறல், அவ்வளவுதான். எடை 2.4 கிலோ. பிறகு மலத்தை மிதக்க வச்சுப் பாத்தோம்.

ஸ்லைடுல ரெண்டு விஷயம் இருந்துச்சு. அங்கங்க நீள்வட்டமா, மெல்லிய ஓட்டோட, உள்ள திராட்சைக் கொத்து மாதிரிச் செல்கள் தெரியுற முட்டைகள். நீளம் சுமார் 60 மைக்ரான். அது கொக்கிப்புழு. ஆனா அதைவிட ரொம்ப அதிகமா, பாக்குற இடமெல்லாம், அதைவிடச் சின்னதா, கண்ணாடி மாதிரித் தெளிவான ஓட்டுக்குள்ள ஒரே ஒரு உருண்டை. அது காக்சிடியா. புழுவே இல்ல, குடல் சுவரோட செல்லுக்குள்ள பெருகுற ஒரு ஒற்றைச் செல் உயிரி.

இந்த ரெண்டையும் தனித்தனியா யோசிக்கணும்.

முதல்ல காக்சிடியா. பைரான்டெல் புழுவோட நரம்புக்கும் தசைக்கும் நடுவுல வேலை செய்யுற மருந்து. காக்சிடியாவுக்கு நரம்பும் கிடையாது, தசையும் கிடையாது. அதனால சிரப்பைப் பத்து தடவை கொடுத்தாலும், பவரான மாத்திரை கொடுத்தாலும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு வேற மருந்து: சல்ஃபா வகையில ஒண்ணு, இல்லன்னா டோல்ட்ராசுரில். இந்தக் குட்டிக்கு டோல்ட்ராசுரில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் கணக்குல, 2.4 கிலோவுக்குச் சுமார் 22 மில்லிகிராம், ஒரே டோஸ் கொடுத்தோம். இங்க ஒரு எச்சரிக்கை. கோழிக்குத் தண்ணியில கலக்குற டோல்ட்ராசுரில் திரவம் கடையில கிடைக்கும். அது கடுமையான காரத் தன்மை உள்ளது. அப்படியே குட்டி வாயில ஊத்தினா வாயும் தொண்டையும் புண்ணாகிடும். அளவும் நீர்ப்பும் டாக்டர் போட்டுத் தரணும்.

காக்சிடியா தெரிஞ்சா எப்பவும் மருந்துதானான்னா, இல்ல. நல்லா இருக்குற குட்டி மலத்துலயும் அங்கங்க ஒண்ணு ரெண்டு தெரியும், தானாப் போயிடும். இன்னொண்ணு, குட்டி பச்சைக் கோழிக் குடல் தின்னிருந்தா, கோழியோட காக்சிடியா இதோட வயித்துல சும்மா புகுந்து வெளிய வரும். அது நாயைத் தாக்காது. சந்தேகம்னா ரெண்டு மூணு நாள் கோழிக் கழிவை நிறுத்திட்டு மறுபடியும் பாப்போம். இந்தக் குட்டிக்குத் தயிர்ச்சோறும் பாலும்தான், நோய்க்குறியும் ஸ்லைடும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துச்சு. அதனால மருந்து கொடுத்தோம்.

அடுத்தது கொக்கிப்புழு. அந்தச் சிரப் கொக்கிப்புழுவுக்கு நல்ல மருந்து. ஒரு வாரம் முன்னாடிதான் கொடுத்திருக்காங்க. அப்புறம் ஏன் முட்டை? அட்டையைத் திருப்பிப் பாத்தேன். ரெண்டு தடவையும் "1 மில்லி"ன்னு இருந்துச்சு. அந்தச் சிரப்போட அளவு கிலோவுக்கு 1 மில்லி. 4 வாரத்துல குட்டி 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, சரியா இருந்திருக்கும். 6 வாரத்துல குட்டி கிட்டத்தட்ட 2 கிலோ. அதே 1 மில்லி கொடுத்தா, பாதி டோஸ்தான் விழுந்திருக்கு. பாதி டோஸ் புழுவைப் பாதியாக் கொல்லும்னு நினைக்காதீங்க. பலமில்லாத புழு சாகும், தாக்குப்பிடிச்சது உள்ள இருந்து முட்டை போடும்.

குட்டி வளர்ப்புல மருந்து தோத்துப் போறதுக்கு நான் பாக்குற பொதுவான காரணம் இதுதான். குட்டி ரெண்டு மூணு வாரத்துல எடை ரெட்டிப்பாகும், அட்டையில எழுதின மில்லி அப்படியே நிக்கும். அதனால ஒவ்வொரு டோஸ் அன்னைக்கும் எடை போடுங்க. சமையலறைத் தராசுல ஒரு கிண்ணம் வச்சுப் போட்டாப் போதும்.

பைரான்டெல் பத்தி இன்னொரு சிக்கலும் உண்டு. சில லேபிள்ல பைரான்டெல் எம்போனேட் அளவு இருக்கும், சிலதுல வெறும் பைரான்டெல் அளவு இருக்கும். எம்போனேட் 144 மில்லிகிராம்னா உள்ள இருக்குற பைரான்டெல் 50 மில்லிகிராம்தான். அதனால ஒரு பாட்டில்ல இருந்து இன்னொரு பாட்டிலுக்கு மாறும்போது மில்லியை அப்படியே மாத்தாதீங்க, லேபிளை டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.

ஆக, அக்கா கேட்ட பவரான மாத்திரை ரெண்டு பிரச்சினையில எதுக்கும் பதில் இல்ல. அதே சிரப், அன்னைக்கு 2.4 மில்லி. தாய்க்கும் எடைக்கு ஏத்த டோஸ். காக்சிடியாவுக்குத் தனி மருந்து. வராண்டாவுல மலத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அள்ளி, தரையில கொதிக்கிற தண்ணி. ஃபினாயில் காக்சிடியாவை ஒண்ணும் பண்ணாது, சூடுதான் பண்ணும்.

12 நாள் கழிச்சு வந்தாங்க. எடை 3.1 கிலோ. மலம் கெட்டிப்பட்டிருந்துச்சு. மறுபடியும் மிதக்க வச்சோம். காக்சிடியா இல்ல, கொக்கிப்புழு முட்டையும் இல்ல. அடுத்த டோஸ் ரெண்டு நாள்ல, 3.1 மில்லின்னு அட்டையில எழுதினேன்.

இந்த மறு பரிசோதனையை விட்டுடாதீங்க. மருந்து கொடுத்து 10-லேர்ந்து 14 நாளுக்குள்ள பாக்கணும். சரியான எடைக்குக் கொடுத்தும் முட்டை இருந்தா, அப்போதான் வேற காரணம் தேடணும். குடல் சுவர்ல தங்கியிருந்த இளம் புழு வளர்ந்து வந்திருக்கலாம். உண்மையான மருந்து எதிர்ப்பாவும் இருக்கலாம். அமெரிக்காவுல பந்தய கிரேஹவுண்டுகள்ல ஒண்ணுக்கு மேற்பட்ட மருந்துக்கு அடங்காத கொக்கிப்புழு இருக்குறது பதிவாகியிருக்கு. அந்தச் சந்தேகம்னா மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் முட்டையை எண்ணிப் பாப்போம், எவ்வளவு குறைஞ்சதுன்னு தெரியும். எண்ணாம மருந்தை மாத்திட்டே போறது வீண்.

ஸ்லைடு சொல்லாத ஒண்ணு

கடைசியா, பரிசோதனையோட எல்லை. நாடாப்புழு முட்டையை உதிரியாப் போடாது. துண்டு துண்டா, உள்ள முட்டைப் பொட்டலத்தோட கழண்டு வரும். அதனால நாடாப்புழு இருக்குற குட்டிக்கும் மிதவை ரிப்போர்ட் நெகட்டிவ் வரலாம். ஆனா உங்க கண்ணுக்குத் தெரியும். ஆசனவாய்ப் பக்கமோ படுக்கையிலோ அரிசி மாதிரி, புதுசா இருந்தா லேசா நெளியும், காஞ்சா வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருக்கும். பாத்தா போட்டோ எடுத்துட்டு வாங்க, அந்தப் போட்டோ ரிப்போர்ட்டைவிட உறுதி. அதுக்கு மருந்து பிராசிகுவான்டெல். பொதுவா நாய்க்குட்டிக்கு 4 வாரம், பூனைக்குட்டிக்கு 6 வாரம் ஆகுறதுக்கு முன்னாடி அதைக் கொடுக்குறதில்ல. அதோட தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்கணும். அந்த நாடாப்புழு குட்டிக்குள்ள போறதே தெள்ளுப்பூச்சியைக் கடிச்சு விழுங்கும்போதுதான். தெள்ளு இருக்குற வரைக்கும், மூணு வாரத்துல அரிசி மறுபடியும் வரும்.

பூனைக்குட்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 10 கிலோ நாய்க்கான மாத்திரையை எட்டா உடைச்சுக் கொடுக்காதீங்க. உடைச்ச எட்டுத் துண்டும் ஒரே அளவா இருக்காது. 600 கிராம் குட்டிக்கு அந்த வித்தியாசம் பெருசு. பூனைக்கான பேஸ்ட் அல்லது சிரப் கேளுங்க. மருந்து கசப்புன்னா வாயில நுரை தள்ளும். அது பெரும்பாலும் கசப்புக்குத்தான். கொஞ்ச நேரத்துல அடங்கலைன்னா போன் பண்ணுங்க.

மலத்தை அள்ளுற வேலையைத் தினமும் பண்ணுங்கன்னு ஏன் திரும்பத் திரும்பச் சொல்றேன்னா, உருண்டைப்புழு முட்டை விழுந்த அன்னைக்கே தொற்றாது. உள்ள இளம் புழு உருவாக ரெண்டு வாரமாவது ஆகும். கொக்கிப்புழு அப்படியில்ல, சூடான ஈர மண்ணுல ஒரு வாரத்துக்குள்ளேயே தயாராகி, வெறுங்கால் வழியாவும் தோலுக்குள்ள போகும். வீட்டுல தவழுற குழந்தை இருந்தா, குட்டிக்கு விழுற டோஸ் அந்தக் குழந்தைக்கும் சேத்துத்தான்.

அடுத்த தடவை குட்டியைக் கொண்டு வரும்போது ரெண்டு பொருள் கையில இருக்கட்டும். ஒரு டப்பாவுல அன்னைக்கு எடுத்த மலம். அப்புறம் பூச்சி மருந்து அட்டை, தேதிக்குப் பக்கத்துலயே அன்னைக்கு எடையும் கொடுத்த மில்லியும் எழுதினது. அந்த ரெண்டும் இருந்தா, எந்த மருந்துன்னு முடிவு பண்றது பத்து, இருபது நிமிஷ வேலை.

அடுத்த அத்தியாயத்துல தெள்ளும் உண்ணியும்.